அம்மாச்சிக்குத் தெரிந்துவிடும் கதை

சென்னையில் வேலை பார்க்கும் பேத்தியின் வீட்டுக்கு ஒரு அம்மாச்சி வந்து சில வாரம் தங்குகிறார். பேத்தியோடு வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் பெண் வெறும் தோழி அல்ல, பேத்தியின் வாழ்க்கைத் துணை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. இவ்வளவுதான் கதை. இதைச் சிறுகதையாக எழுதுவது பார்ப்பதைவிடக் கடினம், ஏனென்றால் முக்கிய சம்பவம் முழுவதும் ஒருவர் மனதுக்குள் நடக்கிறது. அவரோ வாயைத் திறப்பதில்லை.

உண்மையை அறிந்தும் வாய் திறக்காத முதியவள் இலக்கியத்துக்குப் புதியவள் அல்ல. ஹோமரின் ஒடிசியில், மாறுவேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸின் காலைக் கழுவும்போது பழைய தழும்பைத் தடவிப் பார்த்து அவனை அடையாளம் கண்டுகொள்பவள் அவனை வளர்த்த கிழத் தாதிதான். வெளியே சொல்லக் கூடாது என்று அவன் மிரட்ட, அவளும் சொல்வதில்லை. அறிந்துகொள்ளும் கட்டங்களைக் கவிதையியலில் தரம் பிரித்த அரிஸ்டாட்டில், தழும்பு, அணிகலன் போன்ற அடையாளங்களால் உண்மை வெளிப்படுவதைக் கலைத்திறன் குறைந்த வகை என்றார். நிகழ்ச்சிகளின் போக்கிலிருந்தே உண்மை விளைவதைத்தான் அவர் முதலிடத்தில் வைத்தார். அம்மாச்சி கதைக்கும் இந்தத் தரவரிசை பொருந்தும். தலையணைக்கடியில் கடிதம், கைபேசியில் வந்த செய்தி, பாதி திறந்த கதவு ஆகியவையெல்லாம் தழும்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்த்தால் யாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அங்கே அம்மாச்சிதான் இருக்க வேண்டும் என்ற தேவை இல்லை.

இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ என்ற உருதுக் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. 1942இல் வெளிவந்த அந்தக் கதையில் ஒரு சிறுமி, உறவுக்கார பேகத்தின் வீட்டில் தங்குகிறாள். பேகத்துக்கும் அவருக்கு உடம்பு பிடித்துவிடும் பணிப்பெண்ணுக்கும் இடையிலிருக்கும் உறவை, இரவில் அசையும் ரஜாயின் நிழலாக மட்டுமே அவள் பார்க்கிறாள். அவளுக்கு விளங்காதது வாசகருக்கு விளங்கிவிடுகிறது. ஆபாசக் குற்றச்சாட்டின் பேரில் அந்தக் கதை மீது லாகூரில் வழக்கு நடந்தது. ஆபாசமான சொல் எது என்று கேட்டபோது எதிர்த்தரப்பால் உருப்படியாக ஒன்றையும் காட்ட முடியவில்லை, சுக்தாய் விடுதலையானார். பார்க்கும் சிறுமிக்குப் புரியாமை கவசம் என்றால், அம்மாச்சிக்கு அந்தக் கவசம் கிடையாது. அவருக்கு எல்லாம் புரியும். அதனால் எழுதுபவர் மறைக்க வேண்டியது காட்சியை அல்ல, அம்மாச்சியின் முடிவை.

அவருக்கு எதிலிருந்து புரிகிறது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. காதலின் அடையாளங்களை அடுக்கிவைப்பது பெரும்பாலான கதைகள் செய்யும் தவறு: பார்வைகள், கைகோத்தல், ஒரே தட்டில் சாப்பாடு. தோழிகளும் இவற்றையெல்லாம் செய்வார்கள். கல்லூரி விடுதி எதிலும் இவற்றைக் காணலாம். அம்மாச்சிக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் வேறு. ஐம்பது வருஷம் ஒரு மனிதரோடு குடும்பம் நடத்தியவர் அவர். இந்த வீட்டிலும் ஒரு குடும்பம் நடக்கிறது என்பது அவர் கண்ணிலிருந்து தப்பாது.

கதையை முழுசாகக் கட்டிப் பார்க்கலாம். அம்மாச்சி கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரர். சென்னைக்கு அவர் வருவதற்கு வலுவான காரணம் வேண்டும், ஒருநாள் இருந்துவிட்டுப் போகிற காரணம் போதாது. கண்புரை அறுவை என்று வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கண் தெளிந்ததும் உண்மையும் தெரிகிறது என்ற அர்த்தம் கதைமேல் வந்து உட்கார்ந்துவிடும். முழங்கால் மாற்று அறுவை அதைவிட நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு சில வாரங்களுக்கு வாக்கர் பிடித்துத்தான் நடக்க முடியும். தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டப் பழக்குவார். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் உயரமான நாற்காலிதான். வேறு வேலை இல்லாத அம்மாச்சி வீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார், கேட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்று தடயங்கள் போதும். முதலாவது அவருக்குக் கொடுத்த அறை. “அது அவ ரூம் அம்மாச்சி, நீங்க இருக்கிற வரைக்கும் அவ என் ரூம்ல படுத்துக்குவா” என்கிறாள் பேத்தி. கட்டிலில் மெத்தை இருக்கிறது, அதன் அடிப்பக்கத்தில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருக்கிறது. அலமாரியில் பெட்டிகளும் இஸ்திரி போட வேண்டிய துணிகளும். ஒரு சீப்பு இல்லை, பொட்டு ஒட்டிய கண்ணாடி இல்லை. இதற்குச் சாதாரணமான விளக்கம் ஒன்று இருந்தாக வேண்டும்: அம்மாச்சிக்காகப் புது மெத்தை வாங்கியிருக்கலாம், தோழி தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அம்மாச்சியும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது தடயம் சண்டை. சிலிண்டர் பதிவு செய்ய மறந்ததில் தொடங்கி, போன தீபாவளிக்கு யார் வீட்டுக்கு யார் போகவில்லை என்பதில் அது முடிகிறது. தோழிகள் சண்டை போட்டால் முகம் தூக்கிக்கொள்வார்கள், பிறகு சமாதானம் பேசுவார்கள். இவர்களோ பாதிச் சண்டையில், “தயிர் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டு, பதில் வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நேற்றைய கணக்கோடு நாளைய கணக்கையும் சேர்த்துப் போடுகிறவர்கள்தான் இப்படிச் சண்டை போடுவார்கள். எழுதுபவர் இந்தக் காட்சியில் அவசரப்படக் கூடாது. வாசகர் சிரித்தபடி படிக்க வேண்டிய இடம் இது, சந்தேகம் ஓரமாக வந்தால் போதும்.

மூன்றாவது இரவில் நடப்பது. பேத்திக்கு வீசிங் உண்டு. நடுநிசியில் அடுத்த அறையில் மூச்சு இழுக்கிற சத்தம் அம்மாச்சிக்குக் கேட்கிறது. வாக்கரை எட்டிப் பிடித்து எழுந்திருப்பதற்குள் அங்கே விளக்கு எரிகிறது, இழுப்பறை திறக்கும் ஒலி, இன்ஹேலரைக் குலுக்கும் ஒலி. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தூக்கத்திலும் இன்னொருவர் மூச்சைக் கேட்டபடி படுத்திருக்கும் பழக்கம் எப்படி வரும் என்பது அம்மாச்சிக்குத் தெரியும். கணவருக்கு நெஞ்சுவலி வந்த பிறகு அவரும் பல வருஷம் அப்படித்தான் படுத்தார். அவர் இறந்த பிறகும் அந்தப் பழக்கம் போக நெடுநாளாயிற்று. இந்த நினைவை இரண்டு வரிக்கு மேல் வளர்த்தக் கூடாது. அந்த மெத்தை உறை வாசகருக்கு மறுபடி ஞாபகம் வரும் கட்டம் இதுதான்.

“அவருக்குப் புரிந்தது” என்ற வாக்கியம் இந்த இடத்தில் வந்தால் கதை படுத்துவிடும். புரிந்ததை அவருடைய நடத்தையில் காட்ட வேண்டும். மறுநாளிலிருந்து அவர் கூடத்துக்கு வருவதற்கு முன் ஒருமுறை செருமுகிறார், அவ்வளவே. கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மகனும் மருமகளும் இருக்கும் பக்கம் போகும்போது பெரியவர்கள் செய்வது அது. முன்பு வாக்கரை மட்டும் தட்டிக்கொண்டு வந்தவர் என்று கதை ஏற்கெனவே சொல்லியிருந்தால்தான் இந்த மாற்றம் தெரியும்.

அம்மாச்சியை உடனே பெருந்தன்மையின் உருவமாக்கிவிடுவது இந்த வகைக் கதைகளின் பெரிய பலவீனம். அவருக்குக் கோபம் வர வேண்டும். யாரும் புழங்காத அறையைப் புழங்குகிற அறையாக ஜோடித்துத் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்பதே முதல் கோபம். அது உறவைப் பற்றியதல்ல, தன்னை நம்பவில்லை என்பதைப் பற்றியது. பிறகு பயம். ஊரில் என்ன சொல்வார்கள், இவளுக்கு நாளை யார் துணை, கொள்ளுப்பேரப் பிள்ளையைப் பார்க்கும் ஆசை என்னாவது? ஒரு நாள் முழுக்கத் தோழி கொண்டுவந்து வைக்கும் காபியை ஆற விடட்டும். இன்னொரு சுலபமான வழியும் உண்டு: அம்மாச்சிக்கும் இளவயதில் ஒரு தோழிமேல் இப்படியொரு பிரியம் இருந்தது என்று கடைசியில் வெளியிடுவது. பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது கதையைச் சிறியதாக்கிவிடுகிறது. அதே அனுபவம் உள்ளவர்தான் இதைப் புரிந்துகொள்வார் என்று ஆகிவிடும் அல்லவா? ஊருலகம் ஒத்துக்கொண்ட கல்யாணத்தில் வாழ்ந்த பெண், தன் கல்யாணத்தின் சாயலை இங்கே காண்பதுதான் பெரிய விஷயம்.

பின்னணியில் இருக்கும் சட்டத்தைக் கதை விளக்கத் தேவையில்லை, எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை, வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று செல்லாததாக்கியது. 2023 அக்டோபர் 17 அன்று, ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர அதே நீதிமன்றம் மறுத்தது. 2025 மே மாதத்தில், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. இந்தப் பெண்கள் குற்றவாளிகள் அல்லர், தம்பதியும் அல்லர். வாடகை ஒப்பந்தத்திலும் ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்திலும் ‘தோழி’ என்றுதான் அவர்களால் எழுத முடியும். இரண்டு ஆண்களுக்கோ கல்யாணமாகாத ஆண் பெண்ணுக்கோ வீடு தரத் தயங்குபவர்கள்கூட, வேலைக்குப் போகும் இரண்டு பெண்களுக்குத் தந்துவிடுவார்கள். அவர்கள் மறைந்து வாழ முடிவது அதனால்தான்.

கதைக்கு நெருக்கடி ஊரிலிருந்து வருகிறது. பேத்தியின் அம்மா போன் செய்கிறார்: நல்ல வரன், ஜாதகம் பொருந்தியிருக்கிறது, நீ அங்கேதான் இருக்கிறாய், எடுத்துச் சொல்லு. அம்மாச்சி இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். “காலு சரியாகி ஊருக்கு வந்தப்பறம் பேசிக்கலாம், அவசரப்படாத” என்கிறார். இது பொய்யல்ல, உண்மையும் அல்ல. பேத்தி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தெரிந்ததைத் தெரிவிக்க அவர் என்ன செய்வார்? வளையலைக் கழற்றித் தோழிக்குப் போடுவது பலமுறை எழுதித் தேய்ந்த முடிவு, சினிமாவும் அதை விடவில்லை. அர்ச்சனை இதற்குப் பொருத்தமானது. அம்மாச்சி கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், ராசி, நட்சத்திரம் சொல்லும்போது குடும்பத்தாரை மட்டுமே சொல்வார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கூடச் சொல்லமாட்டார், அவரவர் வீட்டுக்கு அவரவர் என்பார். இதைக் கதையின் தொடக்கத்திலேயே வேறு பேச்சுக்கு நடுவில், முக்கியமில்லாததுபோலச் சொல்லிவைத்துவிட வேண்டும். ஆறாவது வாரம், தெருமுனைக் கோயில் வரை நடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார். மூவரும் போகிறார்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது தோழியைத் திரும்பிப் பார்த்து, “உனக்கு என்ன நட்சத்திரம்மா?” என்கிறார். அவள் சாதாரணமாக, “அனுஷம் அம்மாச்சி, விருச்சிக ராசி” என்று சொல்லிவிடுகிறாள். பேத்திக்கு மட்டும் அந்தக் கேள்வி என்னவென்று தெரியும். கதை அந்தப் பதிலோடு நின்றுவிடலாம். பேத்தி அழுவதோ, அம்மாச்சி கையைப் பிடிப்பதோ தேவையில்லை.

அம்மா கதையின் கடைசியிலும் அறியாதவராகவே இருக்கிறார், வரன் இன்னும் காத்திருக்கிறது. அம்மாச்சியால் கொஞ்ச காலத்தைத்தான் வாங்கித் தர முடிந்தது. இதையும் தீர்த்துவிட வேண்டும் என்று இறங்கினால் அது வேறு கதையாகி, பக்கங்களும் இரண்டு மடங்காகும். பத்திரிகைக்கு இந்த அளவில் இரண்டாயிரம் சொற்கள் போதும்.

எழுதி முடித்த பிறகு, கதை எதைப் பற்றியது என்று சொல்லாமல் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று கேட்கலாம். மெத்தை உறையிலேயே வந்துவிட்டது என்றால் அந்தக் காட்சி அளவுக்கு மீறி அழுத்தப்பட்டிருக்கிறது, ஒரு வரியைக் குறைக்க வேண்டும். சண்டையில் லேசாகத் தொட்டு, இரவுக் காட்சியில் உறுதியானது என்றால் அளவு சரி. கோயில் வரை வந்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அர்ச்சனைப் பழக்கத்தைத் தொடக்கத்தில் சொன்ன விதத்தைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேண்டும்.