100 வோல்ட் கம்பியும் 16 ஓம் யூனிட்டும்

மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வரிசையாகச் சில திருகுகள் இருக்கும். 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்று சிலவற்றில் எழுதியிருக்கும். ஓரமாக உள்ள ஒன்றில் மட்டும் ஓம் இருக்காது, 100 வோல்ட் என்று இருக்கும். பக்கத்தில் நாலு பாக்ஸ் வைத்துப் பாட்டுப் போடுகிறவருக்கு அந்தத் திருகு தேவைப்படாது. கோயில் வாசலில் ஆம்ப்ளிஃபயரை வைத்துவிட்டு ஊர்க்கோடிக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கு அது இல்லாமல் வேலை நடக்காது.

ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் 100 வாட். ஊர்க்கோடிக் கம்பத்தில் நாலு திசைக்கும் நாலு குழாய்கள். ஒவ்வொன்றின் யூனிட்டும் 16 ஓம். இடையே சுமார் 275 மீட்டர் தூரம். ஓடுவது ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. போக வர இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஓம் தடை. ஒவ்வொரு குழாயின் அடியிலும் சின்னதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அது 100 வோல்ட்டை 20 வோல்ட்டாக இறக்கி யூனிட்டுக்குக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்தால் யூனிட்டுக்கு எத்தனை வாட் போய்ச் சேரும்?

டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இல்லையென்றால் பள்ளிப் பாடத்து ஓம் விதி போதும். இருப்பதால்தான் சிக்கல். கம்பிப் பக்கம் ஒரு வோல்டேஜ், யூனிட் பக்கம் வேறொரு வோல்டேஜ். முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையே செம்புத் தொடர்பே கிடையாது, காந்தப் புலம் மட்டும்தான். கம்பியின் 10 ஓமையும் யூனிட்டின் 16 ஓமையும் அப்படியே கூட்டினால் அந்தக் கூட்டலுக்கு அர்த்தமில்லை. இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்ட வேண்டும்.

கொண்டுவருவது எப்படி? இழப்பே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொண்டு, முதன்மைச் சுருளின் முனைகளில் நின்று உள்ளே பார்ப்போம். யூனிட்டில் 20 வோல்ட் இருக்கிறதென்றால் அதன் 16 ஓம் வழியாக 1.25 ஆம்பியர் ஓடும். அதே நேரத்தில் முதன்மைப் பக்கம் வோல்டேஜ் ஐந்து மடங்கு, 100. மின்னோட்டமோ ஐந்தில் ஒரு பங்கு, 0.25 ஆம்பியர். இழப்பு இல்லாததால் இந்தப் பக்கம் நுழையும் 25 வாட் அந்தப் பக்கம் 25 வாட்டாகவே வெளியேற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் மின்னோட்டம் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்போது முதன்மைப் பக்கத்து 100 வோல்ட்டை 0.25 ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள், 400 ஓம். அதாவது 16-ஐப் போல 25 மடங்கு. வகுக்கும்போது மேலே ஒரு ஐந்து, கீழே இன்னொரு ஐந்து என இரண்டு தடவை வந்துவிடுவதால்தான் சுற்று விகிதம் வர்க்கமாகிறது.

ஆம்ப்ளிஃபயருக்கும் கம்பிக்கும் அந்தப் பக்கம் இருப்பது டிரான்ஸ்ஃபார்மரும் 16 ஓம் யூனிட்டுமா, வெறும் 400 ஓம் தடையா என்று வித்தியாசம் தெரியாது. ஆகவே காகிதத்தில் டிரான்ஸ்ஃபார்மரை அழித்துவிட்டு அந்த இடத்தில் 400 ஓம் போட்டுவிடலாம். இம்பிடன்ஸை மறுபக்கத்துக்கு மாற்றுவது என்று மின்பொறியியல் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான். அதிக வோல்டேஜ் பக்கத்துக்குக் கொண்டுபோனால் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், குறைந்த வோல்டேஜ் பக்கத்துக்கு என்றால் வகுக்க வேண்டும்.

இனி கணக்கு சுலபம். நாலு குழாய்களும் இணையாக இருப்பதால் 400 ஓம் நாலு சேர்ந்து 100 ஓம். கம்பி 10 ஓம். மொத்தம் 110. ஆம்ப்ளிஃபயரின் உள்தடையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் மின்னோட்டம் 0.909 ஆம்பியர். கம்பியில் 9.1 வோல்ட் விழுகிறது, குழாய்களின் அடியில் 90.9 வோல்ட் நிற்கிறது. நாலு குழாய்க்கும் சேர்த்து 82.6 வாட். கம்பி சூடாவதில் போவது 8.3 வாட்தான்.

இதோடு நிறுத்திவிடுகிற மாணவர்கள் நிறையப் பேர். யூனிட்டில் எத்தனை வோல்ட் என்று கேட்டால் 90.9 என்று எழுதிவிடுவார்கள். அது 400 ஓம் என்கிற கற்பனைத் தடையின் வோல்டேஜ். அழித்த டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பப் போட்டு, வோல்டேஜை ஐந்தால் வகுத்து, ஒரு குழாயின் 0.227 ஆம்பியரை ஐந்தால் பெருக்கினால்தான் யூனிட்டின் உண்மை நிலை தெரியும்: 18.2 வோல்ட், 1.14 ஆம்பியர், 20.7 வாட். வோல்டேஜும் மின்னோட்டமும் பக்கம் மாறும்போது மாறுகின்றன, வாட் மட்டும் மாறாது. இந்த மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். யாராவது 25-க்குப் பதிலாக 5-ஆல் பெருக்கி 16 ஓமை 80 என்று எழுதினால், 100 வோல்ட்டில் அது 125 வாட் இழுக்கும். யூனிட்டிலோ 20 வோல்ட்டுக்கு 25 வாட்தான். மீதி 100 வாட் எங்கே போனது என்று கேட்டாலே போதும்.

இதே கணக்கை எதிர்ப்பக்கம் நின்றும் போடலாம். விடையைச் சரிபார்க்க மட்டுமல்ல, விஷயமே அங்கேதான் விளங்குகிறது. இப்போது யூனிட்டுகளை அப்படியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் யூனிட் பக்கம் கொண்டுவருகிறோம். ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் 20 வோல்ட்டாகிறது. கம்பியின் 10 ஓம், 25-ஆல் வகுபட்டு 0.4 ஓம் ஆகிறது. (ஓமை மாற்றிவிட்டு வோல்ட்டை மாற்ற மறந்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.) நாலு யூனிட் இணையாக 4 ஓம். 20-ஐ 4.4-ஆல் வகுத்தால் 4.55 ஆம்பியர், யூனிட் ஒன்றுக்கு 1.14. முன்பு வந்த அதே விடை.

அந்த 0.4 ஓமைக் கொஞ்சம் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மரையெல்லாம் கழற்றிவிட்டு, அதே நாலு யூனிட்டையும் அதே கம்பியில் கட்டி, ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம் திருகில் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தத் திருகில் அதிகபட்சம் 20 வோல்ட் வரும். கம்பி 10 ஓம், யூனிட்டுகள் 4 ஓம். ஓடுவது 1.43 ஆம்பியர். நாலு யூனிட்டுக்கும் சேர்த்து 8.2 வாட், கம்பிக்கு 20.4 வாட். ஊருக்குக் கேட்பதைவிடக் கம்பி சூடாவதுதான் அதிகம். இரண்டிலும் யூனிட்டுகள் காண்பது ஒரே 20 வோல்ட் மூலத்தைத்தான். வித்தியாசம், நடுவில் இருக்கும் கம்பி ஒன்றில் 10 ஓமாகவும் மற்றதில் 0.4 ஓமாகவும் தெரிவதில்தான். ஒரு மீட்டர் கம்பிகூட மாறவில்லை, பத்து மடங்கு வாட் மாறிவிட்டது.

மைக்செட் போடுகிறவர்கள் யாரும் வர்க்கம் போட்டுக்கொண்டிருப்பதில்லை. குழாயின் டிரான்ஸ்ஃபார்மரில் 25 வாட், 12.5 வாட் என்று தனித்தனி முனைகள் குறித்திருப்பார்கள். கட்டுகிற குழாய்களின் வாட்டையெல்லாம் கூட்டி, ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புகள் முன்கூட்டியே போட்டு வைத்த இம்பிடன்ஸ் கணக்குதான். 100 வோல்ட்டில் 25 வாட் என்றால் 400 ஓம், 12.5 வாட் என்றால் 800 ஓம். 16 ஓமை 800 ஆகக் காட்ட 50 மடங்கு வேண்டும், ஆகவே அந்த முனைக்குச் சுற்று விகிதம் ஐந்து அல்ல, ஏறத்தாழ ஏழு. இணையாக உள்ள தடைகளுக்குத் தலைகீழ் எடுத்துக் கூட்ட வேண்டிய தொல்லையையும் வாட் கூட்டல் தீர்த்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 16 ஓம் யூனிட் ஒன்றைத் தெரியாமல் கோத்துவிட்டால்தான் ஆபத்து. 100 வோல்ட்டில் அது கேட்பது 625 வாட். ஆம்ப்ளிஃபயர் திணறும், அல்லது யூனிட்டின் காயில் எரியும்.

இழப்பே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடிஸ்தாயி ஒலிகளில் முதன்மைச் சுருளே தனியாக மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும், இரும்பு உள்ளகம் காந்தத்தில் நிறைந்துபோனால் அது திடீரென்று கூடும். பேச்சுக்கு ஒழுங்காக வேலை செய்யும் குழாயில் தவில் கனத்துப் போடும்போது சத்தம் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நேர்மின்னோட்டத்துக்கோ இந்தக் கணக்கு அறவே செல்லாது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஒரு குழாயின் டிரான்ஸ்ஃபார்மரை அளந்தால் 400 வராது. மீட்டரின் பேட்டரி அனுப்புவது மாறாத மின்னோட்டம், அது துணைச் சுருளுக்குத் தாண்டாது. முதன்மைச் சுருளின் செம்புத் தடை மட்டும் காட்டும், அது 400-ஐவிட மிகவும் குறைவு. அதைப் பார்த்துவிட்டு ஷார்ட் என்று நல்ல குழாயைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

இதற்கென்றே மாறுமின்னோட்டத்தில் அளக்கும் இம்பிடன்ஸ் மீட்டர் இருக்கிறது. கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி அதில் வைத்தால், நம் ஊர்க்கோடிக் கம்பத்துக்கு 110 ஓமை ஒட்டி வர வேண்டும். 143 காட்டினால் ஒரு குழாய் செத்துவிட்டது. காயில் அறுந்த யூனிட்டின் எல்லையில்லா ஓமை 25-ஆல் பெருக்கினாலும் எல்லையில்லாததே, ஆகவே அது கணக்கிலிருந்தே மறைந்து மூன்று குழாயின் 133 ஓமும் கம்பியும் மிஞ்சுகின்றன. 4 ஓம் காட்டினால் கம்பியே ஏறத்தாழ 110 மீட்டரில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 10 ஓமுக்குச் சற்று மேலே காட்டினால் கம்பத்தில் ஏற வேண்டும். ஏதோ ஒரு யூனிட்டின் இரண்டு ஒயரும் தொட்டுக்கொண்டிருக்கும், அந்தப் பூஜ்யம் 25 மடங்கானாலும் பூஜ்யமாகவே வந்து மற்ற மூன்று குழாய்களையும் ஊமையாக்கிவிடும். எது என்று மீட்டர் சொல்லாது, ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.