கீழே குழைவு, மேலே கண்ணாடி

க்ரெம் ப்ரூலே மேசைக்கு வந்ததும் அதை முதலில் காதால்தான் சோதிக்க வேண்டும். கரண்டியின் முதுகால் மேலே மெல்லத் தட்டினால், கண்ணாடியைத் தட்டியதுபோல ‘டிக்’ என்று ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் அந்த ஓடு விரிசல் விட்டுச் சில்லு சில்லாக உடையும். அடியில் குளிர்ந்த, வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போகும் கஸ்டர்ட். கருகும் எல்லையைத் தொட்டு வந்த சர்க்கரையின் இளங்கசப்பும் பாலின் வாசமும் ஒரே வாயில் சேர்கின்றன.

பிரெஞ்சில் இந்தப் பெயருக்கு ‘எரித்த கிரீம்’ என்று பொருள். 1691-இல் வெளிவந்த பிரான்சுவா மாசியலோவின் சமையல் நூலிலேயே இந்தப் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. கொஞ்சம் மாவு சேர்த்து அடுப்பில் காய்ச்சிய கஸ்டர்டின் மேல் சர்க்கரையைத் தூவி, பழுக்கக் காய்ச்சிய இரும்பை நெருங்கப் பிடித்துச் சிவக்க வைப்பது அன்றைய முறை. ஸ்பெயினின் காட்டலோனியாவிலும் இதற்கு ஒரு சகோதரி உண்டு. பட்டையும் எலுமிச்சைத் தோலும் மணக்கும் அந்தக் கஸ்டர்டையும் மாவு சேர்த்து அடுப்பில்தான் கிளறுகிறார்கள். மாவு ஒரு பாதுகாப்பு. அது கலந்திருந்தால் சூடு கொஞ்சம் ஏறினாலும் முட்டை சட்டென்று திரிந்துபோகாது. இன்று ஓட்டல்களில் நாம் சாப்பிடும் க்ரெம் ப்ரூலேயில் மாவு கிடையாது. அது மஞ்சள் கருவின் பலத்தில் மட்டுமே நிற்கிறது. மாவு செய்த காவல் வேலையைத் தண்ணீர்த் தட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த இனிப்பைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தோற்ற ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிப் போனால் அது தண்ணீரில்தான் போய் நின்றது. கீழே இருக்கும் கஸ்டர்டைக் காப்பாற்றுவது தண்ணீர். மேலே இருக்கும் ஓட்டைக் கெடுப்பதும் அதே தண்ணீர்.

கலவையைச் சொல்லிவிடுகிறேன். 500 மில்லி கிரீம், 6 மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை, ஒரு வனிலாக் காய், ஒரு சிட்டிகை உப்பு. இது 120 மில்லி பிடிக்கும் ஐந்து பீங்கான் கிண்ணங்களுக்குப் போதும். ஆழமான கிண்ணத்தைவிட அகலமான, உயரம் குறைந்த கிண்ணம் நல்லது. உள்ளே சீராக வேகும், மேலே ஓடும் அதிகம் கிடைக்கும். கிரீம் கொழுப்பு மிகுந்ததாக, நூற்றுக்கு 35 பங்கு கொழுப்புள்ளதாக இருந்தால் சிறப்பு. நம் கடைகளில் பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீமிலும் செய்யலாம், குழைவு மட்டும் சற்றுக் குறையும். கேக்கின் மேல் பூசுவதற்காக விற்கும் தாவரக் கொழுப்புக் கிரீம் இதற்கு ஆகாது.

வெள்ளைக் கருவைச் சேர்ப்பதில்லை. நம் பேக்கரிகளில் கிடைக்கும் கேரமல் கஸ்டர்டைத் தட்டில் கவிழ்த்தால் அப்படியே நிற்கிறதே, அந்த விறைப்பை வெள்ளைக் கருதான் தருகிறது. இங்கே கவிழ்க்கும் வேலையே இல்லை, கிண்ணத்தோடுதான் சாப்பிடப் போகிறோம். முட்டை வாடை பிடிக்காதவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அந்த வாடையில் பெரும்பங்கு வெள்ளைக் கருவிலிருந்து வருவது.

வனிலாக் காயைப் பிளந்து விதையைச் சுரண்டி, காயோடு கிரீமில் போட்டு, ஓரத்தில் சிறு குமிழ் வரும்வரை சூடாக்கி, மூடிக் கால் மணி நேரம் வைக்கிறேன். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்ததும் உடனே கலக்க வேண்டும். கலக்காமல் விட்டால் சர்க்கரை கருவின் ஈரத்தை உறிஞ்சி அங்கங்கே கெட்டிக் கட்டிகளை உண்டாக்கிவிடும். பிறகு சூடான கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி வடிகட்ட வேண்டும். நுரை எழும்ப அடிக்கக் கூடாது. நுரையோடு ஊற்றினால் மேற்பரப்பு வெந்தபின் பஞ்சுபோல ஆகி, அதன்மேல் சர்க்கரை சமமாக உட்காராது. நிற்கும் குமிழ்களைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

இனி தண்ணீர். மஞ்சள் கருவின் புரதங்கள் சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வலைபோல ஆகின்றன. கிரீம் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்வதுதான் கஸ்டர்ட் கெட்டியாவது. இந்தக் கலவையில் 77-லிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குள் வலை சரியான பதத்துக்கு வருகிறது. 85-ஐத் தாண்டினால் வலை இறுகிச் சுருங்கி, பிடித்துவைத்த ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். அப்போது கஸ்டர்டில் துருவல் துருவலாகப் பருக்கைகளும் அவற்றுக்கிடையே நீரும்தான் மிஞ்சும். பதத்துக்கும் பாழுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரிதான் இடைவெளி. ஓவனின் காற்றோ 150 டிகிரி.

கிண்ணங்களை ஆழமான தட்டில் வைத்து, அவற்றின் பாதி உயரத்துக்கு மேல் வரும்படி சூடான தண்ணீர் ஊற்றுவதன் காரணம் இதுதான். தண்ணீர் எவ்வளவு சூடானாலும் 100 டிகிரியைத் தாண்டாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 100 டிகிரியே கஸ்டர்டைக் கெடுக்கப் போதும். உண்மையில் காப்பாற்றுவது வேறொன்று. திறந்த தட்டில் தண்ணீர் விடாமல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஆவியாகும் நீர் தன்னோடு வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் சூடான ஓவனுக்குள்ளும் தட்டிலுள்ள நீர் கொதிக்காமல் 80, 85 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மண்பானைத் தண்ணீர் வெயில் காலத்தில் குளிர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

இது தெரியாத காலத்தில், மேலே ஆடை படியக் கூடாதென்று தட்டு முழுவதையும் ஃபாயில் தாளால் இறுக்கி மூடினேன். ஆவி வெளியேற வழியில்லாமல் தண்ணீர் கொதித்துவிட்டது. அரை மணி நேரத்தில் திறந்தபோது ஐந்து கிண்ணங்களிலும் ஓரமெல்லாம் ஓட்டை, நடுவில் துருவல். வட்டிலப்பத்தை வெட்டினால் தெரியும் ஓட்டைகளுக்கும் இதற்கும் ஒரே பிறப்பு. அங்கே முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கொதிநீராவியில் வேகின்றன, ஓட்டை விழுவது அதற்கு அழகு. க்ரெம் ப்ரூலேயில் அதே ஓட்டை, சூடு எல்லை மீறியதற்குச் சாட்சி. மூடத்தான் வேண்டுமென்றால் கிண்ணங்களைத் தனித்தனியாக மூடுங்கள். தண்ணீரின் முகம் திறந்திருக்கட்டும்.

தட்டின் அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் கிண்ணங்களை வையுங்கள். இல்லையென்றால் தட்டின் உலோகம் கிண்ணத்தின் அடியை நேராகச் சுட்டுவிடும். தண்ணீரைத் தட்டு ஓவனுக்குள் போனபின் ஊற்றினால், நடக்கும்போது தளும்பிக் கஸ்டர்டுக்குள் விழும் ஆபத்து இல்லை.

முப்பது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம். கிண்ணத்தை லேசாக அசைத்தால், பச்சையாக இருக்கும் கலவை நீர்போல அலை எழுப்பும். வெந்தது ஓரத்தில் அசையாமல் நின்று, நடுவில் மட்டும் ஜெல்லிபோல ஒரே துண்டாக நடுங்கும். அந்த நடுக்கம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நடுவும் அசையாமல் நின்றால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 77 டிகிரி கண்டதும் எடுக்கலாம். எடுத்த கிண்ணங்களை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் உள்ளே வேக்காடு தொடரும். உடனே வெளியே வைத்து ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரமாவது குளிர வைக்க வேண்டும். கெட்டிப்படுவதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

குளிர்ந்த கிண்ணத்தை வெளியே எடுத்ததும் மேலே முத்து முத்தாக வியர்க்கும். இங்கேதான் தண்ணீர் கட்சி மாறுகிறது. அந்த ஈரத்தின்மேல் சர்க்கரையைத் தூவினால் அது கரைந்து பாகாகிவிடும். பாகிலுள்ள நீர் வற்றும்வரை தீ காட்டுவதற்குள் அடியில் இருக்கும் கஸ்டர்ட் சூடாகி இளகத் தொடங்கும். அதனால் முதலில் ஒரு டிஷ்யூ தாளை மெல்ல ஒற்றி எடுக்கிறேன். பிறகு ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரைத் தேக்கரண்டி, பொடியான வெள்ளைச் சர்க்கரை. கிண்ணத்தைச் சாய்த்துச் சுழற்றினால் அது தானாகப் பரவும். மிஞ்சியதைக் கொட்டிவிடலாம். நாட்டுச் சர்க்கரை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அதில் ஈரமும் சர்க்கரையல்லாத பொருள்களும் இருப்பதால் உருகி முடிவதற்குள் கருகிவிடுகிறது.

டார்ச்சைக் கிண்ணத்துக்கு வெளியே திருப்பிப் பற்றவைத்து, தீ நீலமாகச் சீறும்வரை பொறுங்கள். மஞ்சள் தீயில் எரியாத வாயுவின் வாடை சர்க்கரையில் ஏறும். நான்கு விரல் தூரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்த வேண்டும். முதலில் சர்க்கரை அங்கங்கே சொட்டுச் சொட்டாக உருகும். சொட்டுகள் சேர்ந்து ஏரியாகும். பிறகு தேன் நிறம், அதற்குப் பிறகு கடுந்தேநீர் நிறம். அங்கே நிறுத்த வேண்டும். தீயை எடுத்த பிறகும் ஒரு நொடி நிறம் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கனமான ஓடு வேண்டுமென்றால் இரட்டிப்பாகத் தூவாமல், மெல்லியதாக ஒரு முறை உருக்கி, அதன்மேல் இன்னொரு முறை தூவி உருக்குவதே சரி. ஒரே தடவையில் அதிகம் தூவினால் மேலே கருகி, அடியில் வெள்ளைக் குருணை அப்படியே கிடக்கும்.

இப்போது தட்டினால் ஓடு உடையாது, கம்பியாக இழுபடும். இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். உருகிய சர்க்கரை வேகமாக ஆறும்போது அதன் மூலக்கூறுகளுக்கு மறுபடி வரிசைகட்டிப் படிகமாக நேரம் இருப்பதில்லை. இருந்த நிலையிலேயே உறைந்து, உண்மையிலேயே ஒருவகைக் கண்ணாடியாகிவிடுகிறது. தடுத்து நிறுத்தக் குருணை எதுவும் உள்ளே இல்லாததால் ஓரிடத்தில் பிறந்த விரிசல் மறுகரைவரை தடையில்லாமல் ஓடும். அந்தச் சுத்தமான ‘டிக்’ அதன் சத்தம்.

ஆனால் இந்தக் கண்ணாடி ஈரத்துக்கு ஏங்குவது. மேலே காற்றிலிருந்தும் கீழே கஸ்டர்டிலிருந்தும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை விருந்தினர் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்பே ஓடு போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். பரிமாறும்போது மேலே பழுப்பு நிறப் பாகுதான் இருந்தது. கஸ்டர்டை முதல் நாளே செய்து வைத்துக்கொள்ளலாம், அதனால் குறைவு எதுவும் இல்லை. டார்ச் மட்டும் சாப்பாடு முடிந்து இலை எடுத்தபின் வெளியே வரட்டும். அரை மணி நேரம்வரை ஓடு நன்றாக இருக்கும். கடலோர ஊர்களில், மழைக்கால ஈரக்காற்றில் அதுகூடக் கிடைக்காது. சென்னையில் ஒரு நவம்பர் இரவில், பேச்சு சுவாரசியத்தில் கால் மணி நேரம் தொடாமல் விட்ட கடைசிக் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் ‘டிக்’ என்று கேட்கவில்லை, ‘தொப்’ என்று கேட்டது.