சம்பளத்தில் மிச்சம்: காலிப் பணியிடக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்

கோலார் தங்கவயலில் பாலகாட், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று எந்தப் பகுதியில் இருந்தாலும் இந்தக் குறையைக் கேட்டிருப்பீர்கள். சாக்கடை அள்ள ஆள் வரவில்லை, கேட்டால் "ஸ்டாஃப் இல்லை" என்கிறார்கள். ஆனால் சம்பளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் நிற்பது இந்திய அரசு அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடப்பதுதான். தணிக்கை அறிக்கைகளில் அந்த மிச்சத்துக்கு எழுதப்படும் வழக்கமான காரணம், பணியிடங்கள் காலி என்பதே. கர்நாடக அரசில் அனுமதிக்கப்பட்ட சுமார் 7.7 லட்சம் பணியிடங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் காலி என்று கடந்த சில ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன.

எல்லா மிச்சமும் தவறல்ல. ஆட்கள் ஓய்வு பெறுவார்கள், வேலையை விடுவார்கள், அடுத்தவர் வரச் சில மாதங்கள் ஆகும். இயல்பாக வரும் அந்த மிச்சத்தை முன்கூட்டியே மதிப்பிடும் விகிதத்துக்கு 'வேகன்சி ஃபேக்டர்', அதாவது காலிப் பணியிட விகிதம் என்று பெயர். இதைப் போடத் தெரிந்தால் எது இயல்பான மிச்சம், எது ஆள் எடுக்காமலே விட்டதால் வந்த மிச்சம் என்று பிரித்துவிடலாம்.

கணக்கு எப்படி?

ஆட்களை எண்ணுவதை விட மாதங்களை எண்ண வேண்டும். 40 பணியிடங்கள் கொண்ட ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பணியிடத்துக்குப் படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய். ஏப்ரல் முதல் மார்ச் வரை மொத்தம் 480 ஆள்-மாதங்கள், செலவு 1.44 கோடி.

ஏப்ரல் 1 அன்றே 3 இடங்கள் காலி. அக்டோபரில் நிரம்பும் என்று வைத்தால் ஒவ்வொன்றும் 6 மாதம், மொத்தம் 18 காலி மாதங்கள்.

அடுத்தது, ஆண்டின் நடுவில் போகிறவர்கள். இந்த அலுவலகத்தில் விளம்பரம், தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிய 5 மாதம் ஆகிறது. ஒருவர் மே 1 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்து, ஒரு மாத நோட்டீஸ் முடிந்து மே 31 அன்று போகிறார். கடிதம் வந்த அன்றே ஆள் தேட ஆரம்பித்தால் புதியவர் அக்டோபர் 1 அன்று சேர்வார், காலி 4 மாதம். நோட்டீஸ் காலம் இங்கே ஒரு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. ஆள் போகும் வரை ஃபைலைத் தொடாமல் இருந்தால் அந்த மாதமும் வீண்.

இன்னொருவர் டிசம்பர் 1 அன்று கடிதம் கொடுத்து, மாதக் கடைசியில் போகிறார். அவர் இடமும் 4 மாதம் காலி. ஆனால் இந்த நிதியாண்டில் சேர்வது ஜனவரி முதல் மார்ச் வரையான 3 மாதம்தான், நான்காவது மாதம் அடுத்த ஆண்டுக் கணக்கு. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஓய்வு பெறுகிறவர்கள் இருவர். ஒருவர் ஜூன் 30, மற்றவர் ஜனவரி 31. ஓய்வு தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. 5 மாதம் முன்பே ஆரம்பித்திருந்தால் காலியே விழாது. நாற்காலி காலியான பிறகுதான் ஆரம்பித்தார்கள் என்றால் முதல் இடம் 5 மாதம், இரண்டாவது இந்த ஆண்டில் 2 மாதம்.

கூட்டினால் 18 + 4 + 3 + 5 + 2 = 32 காலி மாதங்கள்.

காலிப் பணியிட விகிதம் = 32 ÷ 480 × 100 = 6.67 சதவீதம்

பணமாக 9.6 லட்சம். இது முழுவதும் கையில் நிற்காது. காலி மாதங்களில் 10 மாதத்துக்கு 20,000 ரூபாயில் ஒப்பந்த ஆள் வைத்திருந்தால் 2 லட்சம் போகும். நிகர மிச்சம் 7.6 லட்சம், ஏறக்குறைய 5.3 சதவீதம்.

எங்கே ஆபத்து?

இந்த விகிதத்தை முன்கூட்டியே கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒதுக்கும் அலுவலகங்கள் உண்டு. பெரிய துறைக்கு அது பொருந்தும். நான்கு பேர் உள்ள சின்னக் கிளைக்கும் அதே 6.67 சதவீதத்தைக் கழித்தால், அந்த ஆண்டு யாரும் போகாவிட்டால் மார்ச் மாதச் சம்பளத்துக்குப் பணம் போதாது. இருக்கிற ஊழியருக்குச் சம்பளம் தள்ளிப்போகும்.

இதைவிட மோசமானது, எதிர்பார்ப்பு இலக்காக மாறுவது. "5 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்" என்று வந்துவிட்டால், இயல்பாகக் காலி விழாத ஆண்டிலும் நியமன ஃபைலை நிறுத்தி வைத்துக் கணக்கைச் சரிசெய்வார்கள். அடுத்த ஆண்டு, போன ஆண்டின் காலியைக் காட்டி ஒதுக்கீட்டையே குறைப்பார்கள். அதன் பிறகு ஆள் எடுக்க உண்மையிலேயே பணம் இருக்காது.

நம் தெருவுக்கு இதன் பொருள் என்ன? கர்நாடகத்தில் 700 பேருக்கு ஒரு பௌரகார்மிகர் என்பது அரசு வைத்துள்ள அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி தங்கவயல் நகரத்தின் மக்கள்தொகை 1.6 லட்சத்துக்குச் சற்று மேல். அந்த அளவுகோலில் சுமார் 230 பேர் வேண்டும். அதில் 10 சதவீதம் காலி என்றால் 23 துப்புரவுப் பணியாளர்கள் இல்லை, 16,000 பேர் வசிக்கும் தெருக்களுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். இது நகரசபையின் உண்மை நிலவரம் அல்ல, அளவுகோலை வைத்துப் போட்ட கணக்குதான். உண்மை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மூன்று ஆண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர்கள் மாறி மாறி 5, 7, 6 சதவீதம் காலி என்றால் இயல்பு. அதே பணியிடங்கள் மூன்று ஆண்டும் காலி, அதே சமயம் ஒப்பந்த ஆள் செலவு மட்டும் ஏறுகிறது என்றால், நிரந்தர இடத்தை வேண்டுமென்றே நிரப்பவில்லையா என்று கேட்க வேண்டிய நேரம். நீதிமன்றத் தடையோ மேலிட அனுமதியோ காரணமாக இருக்கலாம். அதற்கும் தேதியுள்ள கடிதம் இருக்க வேண்டும்.

கேட்கும் உரிமை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1)(b) பிரிவின்படி ஊழியர் பட்டியல், மாதச் சம்பளம், பட்ஜெட் ஒதுக்கீடு ஆகியவற்றை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். அது இல்லையென்றால் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே பொருள், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். "ஏன் ஆள் எடுக்கவில்லை?" என்று எழுதினால் பதில் வராது, ஏனெனில் சட்டம் தருவது ஆவணத்தை மட்டும்தான். இப்படி எழுதலாம்:

"மார்ச் 31 நிலவரப்படி கடந்த மூன்று ஆண்டுகளில் துப்புரவுப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரம்பியவை, ஒவ்வொரு காலியிடமும் காலியான தேதி, அதை நிரப்ப அனுப்பிய முதல் கடிதத்தின் நகல், அந்தப் பிரிவின் சம்பள ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு."

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கேயும் தீராவிட்டால் 90 நாளுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையம்.

கிடைத்த தேதிகளில் காலியான நாளுக்கும் முதல் கடிதம் போன நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று மட்டும் முதலில் பாருங்கள். தேர்வுக்கு ஆகும் காலத்தை யாரும் ஒரே நாளில் குறைக்க முடியாது. இந்த இடைவெளி முழுக்க அந்த அலுவலகத்தின் கையில் இருப்பது. வார்டு உறுப்பினரிடமோ பட்ஜெட் கலந்தாய்வுக் கூட்டத்திலோ கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.