அம்மா அப்பாவுக்கு ஒரு மடிப்பு ஆல்பம்

அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்பட்டால், துணைக்கு இருக்கும் பாட்டியோ சித்தியோ மடிப்பு ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம். படமும் எழுத்தும் தனித்தனித் துண்டுகளாகத் தயாராகி, கடைசியில்தான் ஒட்டப்படும். ஓர் எழுத்து பிழையானால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். முழு வேலையும் வீணாகாது.

28 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்ட சார்ட் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளை அதைப் பாதியாக மடித்துப் பிரிக்கட்டும். பிறகு இரண்டு ஓரங்களையும் நடுக்கோடுவரை கொண்டுவந்து மடித்துப் பிரிக்கட்டும். அப்படிக் கிடைக்கும் நான்கு பாகங்களையும் ஒவ்வொன்றாகப் பாதியாக்கினால் மூன்றரை அங்குல அகலத்தில் எட்டுப் பக்கங்கள் வந்துவிடும். பிரிக்காமலே மேலும் மேலும் மடித்தால் தாள் தடித்துக் கோடுகள் விலகும். ஒவ்வொரு கோட்டையும் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து, விசிறிபோல முன்னும் பின்னுமாக மடிக்க வேண்டும். பக்கங்கள் இரட்டைப்படையில் இருப்பது முக்கியம். அப்போதுதான் மூடியதும் இரண்டு முனைகளின் பின்புறமும் வெளியே வரும். அட்டை ஒட்ட அந்தப் பின்புறம்தான் வேண்டும்.

கல்யாண ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்க வேண்டாம். செல்போனில் படமெடுத்து, கடையில் லேசர் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் பசையின் ஈரம் பட்டதும் மை கலங்கிவிடும். படத்தின் கீழே எழுத வேண்டியதைப் பிள்ளையே தாத்தா பாட்டியிடமும் மாமாவிடமும் கேட்டு எழுதட்டும். “பந்தியில் என்ன பாயசம்?”, “தாலி கட்டும்போது அம்மா அழுதாளா?” என்பதுபோன்ற கேள்விகள் போதும். பதில்களை வெள்ளைத்தாள் துண்டுகளில் அதன் கையெழுத்திலேயே விடுங்கள், திருத்தி அழகுபடுத்த வேண்டாம்.

அட்டையைக் கத்தியால் வெட்டுவது பெரியவர் வேலை. நான்குக்கு ஐந்தரை அங்குலத்தில் இரண்டு வேண்டும். சுற்றுத்தாள் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அதன் மூலைகளைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனையை ஒட்டி வெட்டாமல், அட்டைத் தடிமனைப்போல் இரண்டு பங்கு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் வெறும் அட்டை தெரியும்.

பின்னட்டையின் உள்புறம் குறுக்கே ஒரு ரிப்பனை ஒட்டிவிட்டு, பிறகு சார்ட்டின் இரு முனைகளையும் அட்டைகளில் ஒட்டுங்கள். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கும். படங்களுக்கும் எழுத்துக்கும் பசைக் குச்சியே நல்லது. அட்டைக்கு மட்டும் ஃபெவிகாலை மெலிதாகத் தடவி, நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு விடுங்கள். அவசரமாக எடுத்தால் அட்டை வளைந்துவிடும். ஆகவே கல்யாண நாளுக்கு முந்தைய இரவு வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு வாரம் முன்பே சார்ட் வாங்கிவிடுங்கள்.