கைநழுவிய கணக்கர் வேலை

என் அண்ணன் மகள் பி.காம். முடித்தவள். போன மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு இன்டர்வியூ போய் வந்தாள். வேலை கிடைக்கவில்லை. அங்கே நடந்ததை அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். “மத்தவங்களுக்கு உதவும்னா எழுதுங்க அத்தை” என்று அவளே கொடுத்ததால் இங்கே சொல்கிறேன்.

ரெஸ்யூமில் ‘டேலி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு’ என்று எழுதியிருந்தாள். எதிரே இருந்த கணக்கு மேலாளர் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். வெள்ளைத் தாளில் நாலே விவரம் எழுதிக் கொடுத்தார். நம் புத்தகப்படி வங்கியில் இருப்பு 50,000 ரூபாய். சப்ளையருக்குக் கொடுத்த 12,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை. நாம் டெபாசிட் செய்த 8,000 ரூபாய் செக் இன்னும் வரவாகவில்லை. வங்கி தன் கட்டணமாக 590 ரூபாய் எடுத்துக்கொண்டது. நம் புத்தகத்தில் அது ஏறவில்லை. ஸ்டேட்மென்டில் இருப்பு 53,410. “புத்தகத்திலிருந்து கிளம்பி இந்தத் தொகைக்கு வந்து காட்டும்மா” என்றார்.

அவள் 12,000-ஐக் கழித்தாள், செக் கொடுத்தாயிற்றே என்று. 8,000-ஐக் கூட்டினாள், பணம் வரப்போகிறதே என்று. 590-ஐயும் கழித்தாள். வந்தது 45,410. ஸ்டேட்மென்டுக்கும் இதற்கும் வித்தியாசம் சரியாக 8,000. அந்த டெபாசிட் செக்தான் வித்தியாசம் என்று சொல்லி நிறுத்திவிட்டாள். “எப்படி?” என்றார் அவர். பதில் இல்லை.

இரண்டு தொகையுமே தலைகீழாகப் போயிருந்தன. 8,000 வந்தது தற்செயல். கொடுத்த செக்கை நம் புத்தகத்தில் எழுதிய அன்றே கழித்துவிட்டோம். வங்கிதான் இன்னும் கழிக்கவில்லை. அதனால் வங்கி இருப்புக்கு வர 12,000-ஐக் கூட்ட வேண்டும். டெபாசிட் செய்த செக்கை நாம் ஏற்கெனவே கூட்டிவிட்டோம், வங்கி கூட்டவில்லை. அதனால் 8,000-ஐக் கழிக்க வேண்டும். கட்டணத்தை வங்கி எடுத்துவிட்டது, ஆகவே 590-ஐயும் கழித்தால் 53,410 வந்துவிடும். ஒவ்வொரு தொகைக்கும் “யார் எழுதிவிட்டார்கள், யார் இன்னும் எழுதவில்லை” என்று கேட்டுக்கொண்டால் கூட்டலா கழித்தலா என்ற குழப்பமே வராது.

டேலி தெரியாதவள் இல்லை அவள். பயிற்சி மையத்தில் ஸ்டேட்மென்டைப் பார்த்து வங்கித் தேதியை மட்டும் அடிப்பாள். எவ்வளவு நிலுவை என்பதை மென்பொருளே காட்டிவிடும். கணக்குப் போடும் அந்த இடத்தைக் கையால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. பயிற்சி மையங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான்.

அடுத்து, “இந்த மூணுல எதுக்கு என்ட்ரி போடுவே?” என்று கேட்டிருக்கிறார். இது நல்ல கேள்வி. செக் இரண்டும் நாள் ஆனால் தானே சரியாகிவிடும். நாம் எழுத வேண்டியது 590 ஒன்றைத்தான்: கட்டணம் 500, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90. உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ள கம்பெனி என்றால் அந்த 90-ஐக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக எழுத வேண்டும்.

“அந்தப் பன்னிரண்டாயிரம் செக் நாலு மாசமா வரலைன்னா?” என்பது கடைசிக் கேள்வி. செக்கின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. காலாவதியான செக்கைத் திருப்பி எழுதி, வங்கி இருப்பை ஏற்றி, சப்ளையருக்குப் பாக்கி இருப்பதாகக் காட்ட வேண்டும். பிறகு அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவளுக்கு இது தெரியாது. தெரியாது என்று சொல்லாமல் மௌனமாக இருந்துவிட்டாள். “விதி நினைவில்லை சார், ஆனா சப்ளையரைக் கேட்டு உறுதி பண்ணிக்குவேன்” என்று சொல்லியிருந்தாலே பாதி பதில் ஆகியிருக்கும். புதிதாகச் சேர்கிறவரிடம் எந்த மேலாளரும் எல்லா விதியையும் எதிர்பார்ப்பதில்லை. யோசிக்கும் வழியைத்தான் பார்க்கிறார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டால், தப்பான படியில் அவரே நிறுத்தி எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

கேள்விகளை அன்றே எழுதி வைத்ததுதான் அவள் செய்த பெரிய காரியம். இரண்டு நாள் போனால் தொகைகள் மறந்து, ‘கஷ்டமா கேட்டாங்க’ என்பது மட்டும்தான் மிஞ்சும். அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கணக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கணக்கைக் கணினி இல்லாமல் தாளில் போட்டுப் பாருங்கள். வர மறுக்கும் வார்த்தையை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இன்டர்வியூவுக்கு முன்னால் கற்றுக்கொள்ளுங்கள்.