ஒரே மருந்து, இரண்டு குப்பிகள்!

2021-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை எவரும் எளிதில் மறந்திருக்க முடியாது. கொரோனாவிலிருந்து மீண்டவர்களில் பலரை, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களை, கருப்புப் பூஞ்சை நோய் தாக்கிய காலம் அது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகக் குடும்பங்கள் அலைந்தன. அந்தச் சீட்டில் இருந்த பெயர் 'லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி'.

'ஆம்போடெரிசின் பி' என்பது மருந்தின் பெயர். அதன் முன்னே நிற்கும் 'லிப்போசோமல்' என்ற சொல்லைப் பலர் வெறும் அடைமொழி என்றே எண்ணினார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லில் நோயாளியின் உயிரே அடங்கியிருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

நண்பனையும் தாக்கும் மருந்து

ஆம்போடெரிசின் 1950-களில் கண்டுபிடிக்கப்பட்டது. தென் அமெரிக்காவின் வெனிசுலா நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் அதைத் தந்தது. பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு. மருந்து அதைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் முதலிய சத்துகள் கசிந்து பூஞ்சை மடிகிறது.

நம்முடைய உயிரணுக்களின் சவ்வில் எர்கோஸ்டிரால் இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையைத் தேடிப் போகும் மருந்து, வழியில் அந்த உறவினரையும் ஓரளவு பற்றிக்கொள்கிறது. இதனால் பெரிதும் துன்பப்படுவது சிறுநீரகம். அதற்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சிறுநீர் நுண்குழல்கள் பழுதடைகின்றன. இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது, பொட்டாசியமும் மக்னீசியமும் குறைகின்றன. மருந்து ஏறும்போதே பல நோயாளிகள் கடுங்குளிரில் நடுங்குவார்கள்.

இம்மருந்து தண்ணீரில் கரையாது. எனவே பழைய முறையில், பித்த உப்பு ஒன்றைச் சேர்த்துக் கரைத்தார்கள். இரத்தத்தில் கலந்ததும் அந்தக் கட்டு விரைவில் அவிழ்ந்து, மருந்து கண்டபடி சிதறியது. கட்டு இறுகினால் சேதம் குறையுமல்லவா? அந்த இறுக்கமான கட்டுதான் லிப்போசோம்.

கொழுப்பால் ஆன குமிழி

1960-களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே ஆய்வு செய்துவந்த அலெக் பாங்கம் என்பவர், முட்டையின் மஞ்சள் கருவில் உள்ளது போன்ற ஒருவகைக் கொழுப்பு, நீரில் தானாகவே நுண்ணிய குமிழிகளாக உருவெடுப்பதைக் காட்டினார். இக்கொழுப்பின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். ஆகவே அவை முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல் இரண்டு அடுக்காக நின்று, பந்துபோல் மூடிக்கொள்கின்றன. நம் உயிரணுவின் சவ்வும் இதே அமைப்புத்தான்.

மருந்துக்காகச் செய்யப்படும் குமிழியின் குறுக்களவு 100 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இத்தகைய பத்தாயிரம் குமிழிகளை வரிசையாக அடுக்கலாம். நானோ மருந்துகள் என்று இன்று பேசப்படும் குடும்பத்தில் மூத்த பிள்ளை இதுதான்.

ஆம்போடெரிசின் இக்குமிழியின் சுவருக்குள்ளேயே செருகப்படுகிறது. சுவரில் முன்கூட்டியே கொலஸ்டிராலும் சேர்க்கப்பட்டிருக்கும். நம் உயிரணுவில் போய்ப் பற்றவேண்டிய மருந்து, குமிழியின் சொந்தக் கொலஸ்டிராலையே பற்றிக்கொண்டு அமைதியாகப் பயணம் செய்கிறது. குமிழி பூஞ்சையின்மீது ஒட்டியதும், தான் அதிகம் விரும்பும் எர்கோஸ்டிராலைக் கண்டு மருந்து அங்கே தாவிவிடுகிறது. சிறுநீரக வடிகட்டியின் துளைகளோ சில நானோமீட்டர்களே. குமிழி முழுமையாக இருக்கும்வரை அவற்றினுள் நுழைய முடியாது.

இதன் பலனை 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. காய்ச்சலுற்ற 687 புற்றுநோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் சாதாரண மருந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.6 மில்லிகிராம், மறு பிரிவுக்கு லிப்போசோமல் மருந்து, கிலோவுக்கு 3 மில்லிகிராம். அதாவது ஐந்து மடங்கு! குணம் இரு பிரிவிலும் ஏறக்குறையச் சமமே. ஆனால் சிறுநீரகப் பாதிப்போ, சாதாரண மருந்தில் நூற்றுக்கு 34 பேருக்கும், லிப்போசோமில் 19 பேருக்கும் ஏற்பட்டது. நஞ்சு குறைந்தது, மறையவில்லை.

முகவரி எழுதாமலே போய்ச் சேரும் தபால்

குமிழி எங்கே போகும்? நம் ஈரலிலும் மண்ணீரலிலும், அந்நியப் பொருள்களை விழுங்கும் துப்புரவு அணுக்கள் ஏராளம். குமிழிகளில் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடுகின்றன. வேறோர் உறுப்புக்கு மருந்தனுப்ப விரும்புபவருக்கு இது பெரிய தடை. ஆனால் பீகாரைப் பல்லாண்டுகள் வாட்டிய காலா அசார் என்னும் கருங்காய்ச்சலில் இதுவே வரமாக அமைந்தது. அந்நோயின் கிருமி ஒளிந்து வாழ்வதே அந்தத் துப்புரவு அணுக்களுக்குள்தான்!

பீகாரின் முசாபர்பூரில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் சாதாரண மருந்தை ஒன்றுவிட்டு ஒருநாளாக 15 முறை, 29 நாள் மருத்துவமனையில் தங்கி ஏற்றிக்கொண்டனர். மறு பிரிவினருக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் லிப்போசோமல் மருந்து ஒரே ஒருமுறை ஏற்றி, மறுநாளே வீட்டுக்கு அனுப்பினர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 96 பேர் குணமாகியிருந்தனர்.

புற்றுநோயில் கதை அவ்வளவு எளிதன்று. கட்டிகளின் இரத்தக் குழாய்கள் ஓட்டையானவை, ஆதலால் குமிழி அங்கே கசிந்து தங்கும் என்பது எதிர்பார்ப்பு. அது எல்லாக் கட்டியிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை. இதயத்தைக் கெடுக்கும் டாக்சோரூபிசின் மருந்தைக் குமிழிக்குள் அடைத்தபோது இதயம் பெரிதும் தப்பியது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும் புதிய தொல்லை கூடிற்று. கட்டு மாறினால் நஞ்சின் இருப்பிடமும் மாறுகிறது.

ஆறு குப்பிகளின் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வேண்டிய கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கருப்புப் பூஞ்சை நோய் என்று கொள்வோம். லிப்போசோமல் மருந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். குப்பி ஒன்றில் 50 மில்லிகிராம் இருக்கும். ஆகவே ஆறு குப்பிகள்.

சாதாரண மருந்தும் 50 மில்லிகிராம் குப்பியில்தான் வருகிறது. அதன் அளவோ கிலோவுக்குச் சுமார் 1 மில்லிகிராம். அதாவது இவருக்கு 60 மில்லிகிராம். கிலோவுக்கு 1.5 மில்லிகிராமை அது எந்நிலையிலும் தாண்டக் கூடாது. லிப்போசோமல் கிடைக்கவில்லையென்று அதே ஆறு குப்பிகளைச் சாதாரண வகையில் வாங்கி ஏற்றிவிட்டால், இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். பெயர் ஒன்று, எண்ணிக்கை ஒன்று. ஒரு சொல்தான் விடுபட்டது!

ஆகவே மருந்து வாங்கி வரும் பொறுப்பு உங்களுடையதானால், சீட்டில் உள்ள முழுப் பெயரையும் குப்பியின் முழுப் பெயரோடு ஒப்பிடுங்கள். கடைக்காரர் வேறு வகையைத் தந்தால், மருத்துவர் அளவைப் புதிதாக எழுதித் தரும்வரை அதை ஏற்ற விடாதீர்கள். இது உப்புநீரில் கலக்கும் மருந்தன்று. கலந்தால் திரிந்து படியும், டெக்ஸ்ட்ரோஸ் நீரிலேயே கலக்கவேண்டும். ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் நெஞ்சு இறுக்கமோ முதுகுவலியோ வந்தால் உடனே செவிலியரை அழையுங்கள். குமிழியாலும் அப்படி நேர்வதுண்டு. ஏற்றுவதை நிறுத்திச் சிகிச்சை தந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையும் பொட்டாசியப் பரிசோதனையும் லிப்போசோமல் மருந்துக்கும் தேவையே. 'இது பாதுகாப்பான வகைதானே' என்று அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.