உங்களுக்குத் தெரியுமா?

டென்னிஸில் ஒரே ஆட்டத்தின் மீது ஒரே மாதிரி பந்தயம் கட்டிய இருவரில், ஒருவருக்கு வெற்றிப் பணம் கிடைக்கலாம்; மற்றவருக்குக் கட்டிய தொகை மட்டுமே திரும்பலாம்! பந்தய நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதே காரணம்.

2025 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில், முதல் செட்டை 7-6 என இழந்ததும் ஜோகோவிச் காயத்தால் விலகினார்.

- 'ஒரு செட் முடிந்தால் போதும்' என்ற நிறுவனத்தின் விதிப்படி, எதிராளி ஸ்வெரெவ் மீது கட்டியவருக்கு வெற்றி.
- 'ஆட்டம் முழுதும் முடிய வேண்டும்' என்ற நிறுவனத்தின் விதிப்படி பந்தயம் ரத்து. கட்டிய தொகை திரும்பும்.
- முதல் செட் யாருக்கு என்ற பந்தயம் பொதுவாகச் செல்லும். அதன் முடிவுதான் தெரிந்துவிட்டதே!
- வாக்கோவர் வேறு கதை. 2022 விம்பிள்டன் அரையிறுதிக்கு முந்தைய நாளே நடால் விலகினார். ஒரு பந்துகூடப் போடாததால் அந்த ஆட்டத்தின் பந்தயங்கள் ரத்தாகும். ஆனால் தொடர் தொடங்கிவிட்டதால், 'கோப்பை நடாலுக்கே' என்று கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது.